சங்குப்பூவின் நீலமும் தேசிக்காயின் புளிப்பும்

வேலியோரங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் படர்ந்து கிடக்கும் சங்குப்பூக் கொடியை அறியாதார் நம்மிடையே மிகச் சிலரே. கருவிளை என்றும் காக்கணம் என்றும் இதனை வழங்குவர். கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிக் கூறுமிடத்துக் கருவிளையும் செருவிளையும் இடம் பெறுகின்றன. முன்னது நீலப்பூப் பூப்பது. பின்னது வெண்பூப் பூப்பது. இவ்வளவு நெடுங்காலம் நம்மோடு பழகிய மலராயினும், அது தமிழர் வீடுகளில் பெரும்பாலும் பூசைத் தட்டோடு நின்றுவிட்டது; அடுக்களைக்குள் நுழையவில்லை. கடல் கடந்து மலேசியாவின் வடகீழ்க் கரையிலுள்ள கிளாந்தான் மாநிலத்திற்குச் சென்றாலோ அதே பூ சோற்றுப் பானையிலே கிடக்கக் காணலாம்.

கிளாந்தான் மக்களின் காலையுணவுகளுள் பெயர் பெற்றது 'நாசி கெராபு' என்னும் நீலச் சோறு. வெள்ளைச் சோற்றைச் சங்குப்பூச் சாற்றால் நீலமாக்கி, அதன்மேல் பொடியாக அரிந்த பச்சை இலைகளையும், வறுத்த தேங்காய்ப்பூவையும், மீனையும் வைத்து, 'புடு' எனப்படும் மீன்சாற்றை ஊற்றிப் பிசைந்து உண்பர். பினாங்கிலும் மலாக்காவிலும் வாழும் பெரனாக்கான் சீனர், 'புலுட் தை தை' என்றொரு பலகாரம் செய்கின்றனர். தேங்காய்ப்பால் விட்டு அவித்த ஒட்டரிசியில் ஒரு பகுதியை மட்டும் நீலமாக்கி, வெள்ளைப் பகுதியோடு கலந்து, பாரம் வைத்து அழுத்தித் துண்டு துண்டாக வெட்டினால், வெள்ளையும் நீலமும் பளிங்குக் கல்லின் வரிகளைப்போல ஓடியிருக்கும். தாய்லாந்திலோ இப்பூவை 'அஞ்சன்' என அழைத்து, அதன் நீரில் சீனி கலந்து குளிர்பானமாக அருந்துவர். அப்பானத்திலே தேசிக்காய்ச் சாற்றைப் பிழிந்தவுடன் நீலம் ஊதாவாக மாறும். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது, சோற்றிலும் பானத்திலும் அதனை நாம் எவ்வாறு ஆளலாம் என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

முதலிற் சோற்றைக் கவனிப்போம். இரண்டு கோப்பை அரிசிக்கு ஏறக்குறைய 40 புதிய பூக்கள் வேண்டும். நீலப்பூவாக இருத்தல் அவசியம். வெள்ளைச் சங்குப்பூ எத்தனை போட்டாலும் நீலம் தராது. காலையில் விரிந்த பூக்களைப் பறித்து, அடியிலுள்ள பச்சைப் புல்லி வட்டத்தை நீக்கி, இதழ்களை மட்டும் கழுவி எடுத்தல் வேண்டும். பச்சைப் பகுதியும் சேர்ந்தால் சாற்றிலே பச்சிலை வாடை ஏறும். இதழ்கள்மீது ஒரு கோப்பை கொதிநீரை ஊற்றி, மூடி, கால் மணி நேரம் விட்டால் இதழ்கள் வெளிறிப்போக, நீர் எழுதும் மையைப்போலக் கறுத்த நீலமாகும். மெல்லிய துணியில் வடித்துப் பிழிந்து, அரிசி வேகத் தேவையான மிகுதி நீரை அதனோடு சேர்த்து அளவைச் சரிசெய்து, வழக்கம்போல உலை வைக்கலாம். சோறு கொதித்து வடிக்கும் முறையில் ஆக்கப்பட்டால் நிறம் கஞ்சியோடு போய்விடும். ஆகவே நீர் முழுவதும் வற்றும்படி அளந்து வைப்பதே ஏற்றது. உப்பும் ஒரு துண்டு றம்பையும் இடலாம். அவற்றால் நீலத்துக்குக் கேடு இல்லை.

இங்கே தொடக்கக்காரர் பெரும்பாலும் ஏமாறும் இடமொன்று உண்டு. பானையிலுள்ள நீரின் நிறத்தைப் பார்த்து, சோறும் அவ்வளவு நீலமாக வரும் என எண்ணுவர். அரிசி வெந்து பருத்து, அதனுள் இருக்கும் வெண்மாவும் நிறத்தோடு கலக்கும்போது, மை நீலம் வான நீலமாக வெளிறிவிடும். வெள்ளைப் பீங்கான் தட்டிலே சாற்றை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால், தட்டின் வெண்மை அரிதாகவே தெரியுமளவுக்கு அது செறிவாயிருக்க வேண்டும். மெல்லிய நீலமாகத் தெரிந்தால் இன்னும் பூக்களைச் சேர்ப்பதே வழி. அரிசியும் வெண்ணிறமானதாக இருக்க வேண்டும். நம் நாட்டிலே பலர் விரும்பும் சிவப்பரிசியில் இச்சாற்றை ஊற்றினால், தவிட்டின் செம்மண்ணிறமும் நீலமும் கலந்து சாம்பல் பூத்த ஒரு நிறந்தான் எஞ்சும்.

இனி, எல்லாவற்றையும் முறையாகச் செய்தும் சோறு நீலமாக வராமல் பச்சை கலந்த ஒரு மங்கல் நிறமாக வருவதுண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இது நிகழ இடமுண்டு. காரணம் பூவில் இல்லை; கிணற்றில் உள்ளது. சுண்ணக்கற் பாறையினூடு ஊறிவரும் நீரில் கல்சியம் இருகாபனேற்று கரைந்திருக்கின்றது. அந்நீரைக் கொதிக்க வைக்கும்போது அதனுள் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வாயு வெளியேற, கேத்தலின் உட்புறத்திலே வெள்ளைப் படலம் படிகின்றது. எஞ்சிய நீர் காரத்தன்மையை நோக்கிச் சாய்கின்றது. சங்குப்பூவின் நீலம் காரத்தைக் கண்டால் பச்சையாகத் தொடங்கும். இதனை ஐயமின்றி அறிய ஓர் எளிய சோதனை போதும். ஒரு கோப்பையில் மழைநீரையும் மற்றொன்றில் கிணற்று நீரையும் தனித்தனியே கொதிக்க வைத்து ஊற்றி, ஒரே எண்ணிக்கையான பூக்களை இரண்டிலும் இட்டு, அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மழைநீர்க் கோப்பை தெளிந்த நீலமாகவும் மற்றையது பசுமை தட்டியதாகவும் இருந்தால் குற்றம் நீரினதே. அப்பொழுது சாற்றிலே தேசிக்காய்ப் புளியைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, பசுமை மறைந்து நீலம் தெளிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். இவ்வளவு புளியினால் சோற்றின் சுவை மாறாது.

அளவு கடந்து புளி விட்டால் யாது நிகழும் என்பதைப் பானத்திலே பார்ப்பது எளிது. 10 புதிய பூக்களின் இதழ்களை ஒரு கோப்பை, அதாவது ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் கொதிநீரில் 10 நிமிடம் ஊறவைத்து வடித்து, இரண்டு தேக்கரண்டி சீனி இட்டுக் கரைத்து ஆறவிடுக. சீனியால் நிறம் மாறாது. கண்ணாடிக் குவளையில் அதனை ஊற்றி, தேசிக்காய்ச் சாற்றைக் கால் தேக்கரண்டியாக விட்டு, ஒவ்வொரு முறையும் கலக்கிப் பார்க்க வேண்டும். முதலில் நீலத்தின்மீது மெல்லிய செம்மை படரும். பின்னர் கத்தரிப்பூ நிறம் வரும். ஒரு தேக்கரண்டி அளவு சேர்ந்தவுடன், மழைநீராயின், நல்ல ஊதாவாகிவிடும். மேலும் விட விட ஊதா சிவந்து, இளஞ்சிவப்பை நெருங்கும். கிணற்று நீரில் செய்தவர்களோ முதல் கால் தேக்கரண்டிக்குப் பெரிய மாற்றம் எதனையும் காணாமற் போகலாம். அந்நீரிலுள்ள இருகாபனேற்று, முதலில் வந்த அமிலத்தைத் தானே உண்டுவிடுகின்றது. அது தீர்ந்த பின்னரே நிறம் நகரத் தொடங்கும். ஆகவே ஓரூரில் எழுதிய அளவு இன்னோரூரிலே பொய்த்தால் வியப்பில்லை.

அமிலத்தன்மையை அளக்க இரசாயனவியலார் பீ.எச். பெறுமானம் என்னும் அளவுகோலைக் கொண்டுள்ளனர். தூய நீருக்கு அது 7; எண் குறையக் குறையப் புளிப்பு மிகும்; கூடக் கூடக் காரம் மிகும். சங்குப்பூச் சாறு 4 இலிருந்து 7 வரை நீலமாகவே இருக்கும். 3 அளவில் ஊதாவாகும். 2 ஐ அணுகும்போது செந்நிறமாகும். 8 ஐக் கடந்தால் பசுமை காட்டும். தேசிக்காய்ச் சாற்றின் பெறுமானம் தனித்து நிற்கையில் 2 இற்கும் 2.5 இற்கும் இடைப்பட்டது. நீரில் கலந்து மெலியும்போது அது உயருமாதலால், அருந்தத்தக்க புளிப்புள்ள எந்தப் பானத்திலும் ஊதாவே வருமன்றிக் கடுஞ்சிவப்பு வருவது அரிது. பசும்பாலின் பெறுமானம் 7 இற்குச் சற்றே கீழானது. எனவே பாலில் இச்சாற்றைக் கலந்தால் மெல்லிய நீலமே கிடைக்கும்.

இம்மாற்றத்தின் காரணம் என்ன? பூவின் நீலத்துக்கு உரிய பொருள், அந்தோசயனின் எனப்படும் சாயக் குடும்பத்தைச் சேர்ந்தது. செவ்வரத்தம்பூவின் சிவப்பும், நாவற்பழத்தின் கருமையும், செங்கோவாவின் ஊதாவும் இக்குடும்பத்தினவே. ஒரு பொருள் நம் கண்ணுக்கு எந்நிறமாகத் தோன்றும் என்பது, வெயிலிலுள்ள பல நிறக் கதிர்களுள் எதனை அது விழுங்குகின்றது என்பதைப் பொறுத்தது. அமிலம் மிகுந்த நீரிலே ஐதரசன் அயன்கள் பல உலாவும். அவற்றுள் ஒன்று சாயமூலக்கூற்றிலே வந்து ஒட்டிக்கொண்டால், அம்மூலக்கூறு பச்சைக் கதிரை விழுங்கும். எஞ்சி வருவது செந்நிறம். அமிலம் குறைந்து, ஒட்டியிருந்த அயன் கழன்று போனால், அதே மூலக்கூறு மஞ்சளும் செம்மஞ்சளுமான கதிர்களை விழுங்கும். எஞ்சி வருவது நீலம். இரண்டு நிலைகளும் கலந்திருக்கும்போது கண்ணுக்குத் தோன்றுவது ஊதா. சாயம் புதிதாக உண்டாகவுமில்லை, அழியவுமில்லை. ஓர் அயனை அணிவதும் களைவதுமாக அது நிற்கின்றது.

அப்படியாயின் செவ்வரத்தம்பூவினால் நீலச் சோறு ஆக்க முடியாதோ என நேயர்கள் வினவலாம். முடியாது. சாதாரண அந்தோசயனின், புளிப்பு நீங்கிய நீரிலே நெடுநேரம் நிலைப்பதில்லை. நீர் மூலக்கூறொன்று அதன் நடுவிலே வந்து பிணைந்து நிறத்தைப் போக்கிவிடும். செவ்வரத்தம்பூச் சாற்றிலே சோறு ஆக்கினால் சாம்பல் கலந்த மங்கலே மிஞ்சுவது இதனாலாகும். சங்குப்பூவின் சாயத்துக்கு மட்டும் இயற்கை ஒரு காவலைக் கொடுத்திருக்கின்றது. இதனை 'தேர்னற்றின்' என்பர். இச்செடிக்கு இலினேயசு 1753 இல் சூட்டிய இலத்தீன் பெயரிலே மொலுக்காத் தீவுகளுள் ஒன்றான தெர்னாத்தேயின் பெயர் இருப்பதால் சாயத்துக்கும் அப்பெயர் வந்தது. தேர்னற்றின் மூலக்கூற்றின் இருமருங்கும் நீண்ட இரண்டு கைகள் உள்ளன. அவை மடங்கி, நிறந்தரும் நடுப்பகுதியின் மேலும் கீழுமாகப் படிந்து, நீர் அணுகாதவாறு குடைபோல மறைக்கின்றன. அக்குடை இருப்பதாலேயே சங்குப்பூ நீலம் உலையில் கொதித்தும் சோற்றில் நிலைக்கின்றது. எனினும் மணிக்கணக்காகக் கொதிக்க விட்டால் அதுவும் மங்கும்.

பூச்சாற்றைக் கொண்டு புளிப்பையும் காரத்தையும் இனங்காணும் முறை புதியதன்று. இங்கிலாந்தில் வாழ்ந்த உரொபேட்டு பொயில் என்னும் அறிஞர், 1664 இல் வெளியிட்ட நிறங்கள் பற்றிய நூலிலே, வயலற்றுப் பூவின் பாகு அமிலத்தால் சிவப்பாகவும் காரத்தால் பச்சையாகவும் மாறுவதை எடுத்துரைத்தார். அதே சோதனையை நம் அடுக்களையில் மீட்டும் செய்யலாம். ஊதாவாகிய பானத்திலே சிறிதளவை வேறு குவளையில் எடுத்து, அப்பச்சோடாவை ஒரு சிட்டிகை இட்டால், நுரை பொங்க, நிறம் திரும்பவும் நீலமாகும். மேலும் இட்டால் பச்சையாகும். இப்பச்சையிலே உடனே தேசிக்காய்ப் புளி விட்டால் அது மறுபடி நீலத்தின் வழியாக ஊதாவுக்குத் திரும்பும். ஆனால் சுண்ணாம்புத் தெளிவு போன்ற கடுங்காரத்தை விட்டு, பச்சை மஞ்சளாகும்வரை காத்திருந்தால், பின்னர் எவ்வளவு புளி விட்டாலும் பழைய நிறம் முழுமையாக மீளாது. அங்கே அயன் மாறியதோடு நில்லாமல் மூலக்கூறே உடைந்துவிட்டது. போனால் வரும் மாற்றத்துக்கும் போனால் வராத மாற்றத்துக்கும் உள்ள வேற்றுமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எளிதிற் கிடையாது. இக்குவளை பார்ப்பதற்கே உரியது, அருந்துவதற்கு அன்று.

தாவர நிறங்கள் யாவும் இவ்வாறே நடக்கும் எனக் கொள்ளலாகாது. மஞ்சளை எடுத்துக்கொள்வோம். அதன் நிறம் புளிக்கு அசையாது. தேசிக்காய்ச் சோறு மஞ்சளாகவே நிற்பது இதனால். ஆனால் சுண்ணாம்பைக் கண்டவுடன் அது சிவக்கும். மஞ்சள் நீரிலே சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைக்கும் நம் பெண்கள் இவ்வுண்மையைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வருகின்றனர். றம்பை இலையின் பச்சையோ அந்தோசயனினுக்கும் மஞ்சளுக்கும் வேறானது, அது இலைப்பச்சை. அமிலமும் சூடும் சேர்ந்தால் இலைப்பச்சையின் நடுவிலுள்ள மகனீசியம் கழன்று, துலங்கிய பச்சை பழுத்த ஒலிவ நிறமாகிவிடும். அதனை மீட்க இயலாது. ஆகவே றம்பைச் சாற்றால் பச்சைச் சோறு ஆக்குவோர் புளியை அதன் அருகே விடலாகாது. இனி, நீலச் சாற்றிலே சிறிது மஞ்சளைக் கலந்தாலும் பச்சை வரும். இது இரசாயன மாற்றமன்று, ஓவியர் இரு வண்ணங்களைக் குழைப்பது போன்ற கலப்பே. அதிலே தேசிக்காய் விட்டால் நீலம் மட்டும் ஊதாவாக, மஞ்சள் அசையாமல் நிற்க, இரண்டும் சேர்ந்து பழுப்பு நிறமாகிவிடும். ஒரே தட்டில் நீலம், மஞ்சள், ஊதா என மூன்று சோறும் படைக்க விரும்புவோர் அவற்றைத் தனித்தனியே ஆக்கி, ஆறிய பின் அருகருகே வைப்பதே நன்று. ஊதாவுக்காக வேறு பூவைத் தேட வேண்டியதில்லை. நீலச் சாற்றைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் ஒரு தேசிக்காயின் சாற்றை உலையேற்றுமுன் விட்டாற் போதும். அச்சோறு சிறிது புளிக்கும் என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

உண்பதற்குரிய பொருளாதலால் எச்சரிக்கையும் இன்றியமையாதது. உணவுக்கு எடுப்பது இதழை மட்டுமே. இக்கொடியின் வேரும் விதையும் பேதியை உண்டாக்குவன. அவற்றைச் சிறுவர் கையிற்படவும் விடலாகாது. பூவாடிய இடத்தில் உருவாகும் பிஞ்சுக் காயும் பூவோடு சேர்ந்து வந்துவிடாமற் பார்க்க வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம், காய்ந்த இதழ்களிலிருந்து நீரினால் எடுத்த சாற்றைச் சில உணவுகளுக்கு நிறமூட்ட 2021 இல் அனுமதித்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையோ, காய்ந்த முழுப் பூவை மரபுணவாகச் சந்தைப்படுத்துவது பற்றி 2022 இல் ஆட்சேபம் தெரிவித்தது. இச்செடியிலுள்ள சைக்குளோற்றைட்டு என்னும் புரதத் துணுக்குகள் பற்றிய ஐயமே அதற்குக் காரணம். நிறத்துக்காகச் சிறிதளவு எடுப்பதற்கும், மருந்தென எண்ணி நாள்தோறும் நிறையக் குடிப்பதற்கும் இடையே வேற்றுமை உண்டு என்பதை இவ்விரு முடிவுகளும் உணர்த்துகின்றன. கருவுற்றிருக்கும் பெண்கள் இதனைத் தவிர்த்துக்கொள்வது நன்று. கடையில் வாங்கும் பூசைப் பூக்களுக்குப் பூச்சிநாசினி தெளித்திருக்கக்கூடுமாதலால், தம் வேலியிலே வளர்ந்த பூக்களையே கொள்ளுதல் வேண்டும்.

வடித்த சாற்றைச் சுத்தமான போத்தலில் இட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். வெளியில் வைத்தால் மறுநாளே பழுதடையத் தொடங்கும். பழுதை நிறமே காட்டிக்கொடுக்கும்: எவரும் புளி விடாதிருக்கவும் நீலச் சாறு தானாக ஊதா கலந்து, கலங்கி நின்றால், நுண்ணுயிர்கள் அதனுள் பெருகி அமிலத்தை உண்டாக்கிவிட்டன என்பது பொருள். அத்தகைய சாற்றை முகர்ந்து பார்த்து ஐயந்தீர்க்க வேண்டியதில்லை. கொட்டிவிட்டு, மறுநாட் காலையில் வேலியில் விரியும் பூக்களைப் பறித்துக்கொள்ளலாம்.